உறுதி வரைவில் ‘காலஞ்சென்ற கந்தையா சிவராசா’: இதில் காலமானது யார்?

வாணி_கொக்குவில்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா எங்கள் வீட்டுக் காணியை எனக்கு நன்கொடை உறுதியாக எழுதித் தருகிறார். தான் இருக்கும் வரைக்கும் சீவிய உருத்தைத் தனக்கே வைத்துக்கொள்கிறார். காணி அவருக்கு அப்பப்பாவிடமிருந்து வந்தது. நேற்று நொத்தாரிசு கந்தோரிலிருந்து வரைவு வந்தது, தமிழில் ஒன்று, அண்ணாவுக்கு அனுப்ப ஆங்கிலத்தில் ஒன்று.

பெயர்களை மாற்றி எழுதுகிறேன். அப்பப்பா வேலுப்பிள்ளை கந்தையா என்றும், அப்பா கந்தையா சிவராசா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பப்பா காலமாகிவிட்டார். அப்பாவுக்கு 71 வயது, நல்ல சுகமாக இருக்கிறார். வரைவின் முதல் பந்தியில் இப்படி இருக்கிறது: “கொக்குவிலைச் சேர்ந்த காலஞ்சென்ற கந்தையா சிவராசா ஆகிய நான்...” ஆங்கிலத்திலும் அப்படியே, பெயருக்கு முன்னால் ஒரு ‘லேட்’.

அப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, “உறுதி முடிக்க முதலே என்னை அனுப்பிப்போட்டாங்கள்” என்றார். சிரித்தாலும் அவருக்கு மனம் சரியில்லை. கந்தோரில் கேட்டால், “அது உங்கட அப்பப்பாவுக்குப் போட்டது, தகப்பன் பெயர்தானே முன்னுக்கு வருது, எல்லாரும் இப்படித்தான் எழுதுறது” என்கிறார்கள். இது சரியா? இந்தச் சொல்லை ஏன் போடுகிறார்கள், எங்கே போட வேண்டும்?

நல்லூரான்

கந்தோரில் சொன்னது சரி. செத்த ஆளின் பெயர் உறுதியில் எங்கே வந்தாலும் ‘காலஞ்சென்ற’ போட்டே ஆக வேண்டும், அது சட்டம். போடாவிட்டால் உறுதி செல்லாது. உங்கள் அப்பாவின் பெயரில் கந்தையா என்பது அப்பப்பாவின் பெயர். ஆகவே அதற்கு முன்னால் போட்டிருக்கிறார்கள். வீணாகக் குழம்பாமல் கையெழுத்தை வைத்து முடியுங்கள்.

கரவெட்டி_மதி

வாணி அக்கா, இதே லேட் பிரச்சினை எங்களுக்கும் உண்டு. சித்தப்பா காலமானதை அந்த நேரத்தில் பதியவில்லை. இப்போது லேட்டாகப் பதியப் போனால் சத்தியக் கடதாசி கொண்டுவா, விதானையாரின் கடிதம் கொண்டுவா என்று அலைக்கழிக்கிறார்கள். லேட்டாகப் பதிந்தால் அத்தாட்சிப் பத்திரத்தில் லேட் என்று போடுவார்களா?

பழைய_கிளாக்கர்

மதி, நீங்கள் கேட்பது காலங்கடந்த மரணப் பதிவு. இங்கே பேசுவது வேறு லேட். பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவில் கேளுங்கள், இங்கேயும் தனி இழை ஒன்று திறவுங்கள், வந்து சொல்கிறேன்.

வாணி பிள்ளை, அந்த வரைவில் கையெழுத்து வைக்க வேண்டாம். நான் நொத்தாரிசு ஒருவரிடம் 30 வருடத்துக்கு மேல் எழுதுவினைஞராக இருந்தவன். இந்தப் பிழையை நானே பழகுகிற காலத்தில் செய்து ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

எங்கள் பெயர் முறையில்தான் வில்லங்கம் இருக்கிறது. தகப்பன் பெயர் முன்னுக்கும் சொந்தப் பெயர் பின்னுக்கும் வரும். ‘கந்தையா சிவராசா’ என்பது வாசிக்கிறவனுக்கு ஒரே ஆள். அதற்கு முன்னால் ஒரு சொல்லைப் போட்டால் அது முழுப் பெயரிலும் ஒட்டிக்கொள்ளும். தகப்பனுக்கு மட்டும் என்று எழுதினவனின் மனதில் இருக்கலாம், கடதாசியில் இல்லை. 40 வருடம் கழித்து இந்த உறுதியைக் கையில் எடுக்கும் ஆளுக்கு எழுதினவனின் மனம் தெரியப்போவதில்லை. சீவிய உருத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு காணியைக் கொடுக்கிற ஆளையே காலஞ்சென்றவர் என்று எழுதியிருப்பதுதான் அவன் கண்ணில் படும்.

தகப்பனும் மகனும் தனித்தனி ஆட்களாகத் தெரியும்படி வசனத்தைப் பிரித்து எழுத வேண்டும்: “காலஞ்சென்ற வேலுப்பிள்ளை கந்தையா என்பவரின் மகனும் கொக்குவிலில் வசிப்பவருமான கந்தையா சிவராசா ஆகிய நான்”. இப்போது அந்தச் சொல் வேலுப்பிள்ளை கந்தையாவோடு நின்றுவிடுகிறது, ‘என்பவரின்’ அதற்கு வேலி போடுகிறது. ஆங்கிலத்திலும் அப்பாவின் முழுப் பெயரை முதலில் சுத்தமாக எழுதிவிட்டு, அதன் பிறகு ‘சன் ஒஃப் த லேட்’ போட்டு அப்பப்பாவின் முழுப் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

நல்லூரான், இறந்தவரின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இல்லாவிட்டால் உறுதி செல்லாது என்று ஒரு சட்டமும் இல்லை. காணி உறுதி செல்லுபடியாக என்ன தேவை என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்க அது கைச்சாத்தாக வேண்டும். காலஞ்சென்ற என்ற சொல்லைப் பற்றி அதில் ஒரு கதையும் கிடையாது.

நல்லூரான்

அப்படியென்றால் எல்லா உறுதியிலும் ஏன் போடுகிறார்கள்? என்னிடம் உள்ள ஐந்து உறுதியிலும் இருக்கிறது.

பழைய_கிளாக்கர்

வாசிப்பவனுக்கு விபரம் சொல்லத்தான். இந்த ஆள் இனி வந்து கையெழுத்து வைக்க மாட்டார், இவரின் உருத்து வேறு கைக்குப் போய்விட்டது, தேட வேண்டியது இவரை அல்ல, இவரின் உரித்தாளிகளை என்று அது சொல்கிறது. அதோடு எங்கள் பக்கத்தில் பேரப்பிள்ளைக்கு அப்பப்பாவின் பெயரை வைக்கும் வழக்கமும் உண்டு. ஒரே வளவில் இரண்டு கந்தையா இருந்தால் எந்தக் கந்தையா என்று பிரிக்க இந்தச் சொல் உதவும்.

ஆனால் அது மரணத்துக்குச் சாட்சி ஆகாது. சாட்சி இறப்பு அத்தாட்சிப் பத்திரம்தான்.

அராலி_தேவி

ஐயா, இதை வாசித்ததும் எங்கள் கதை ஞாபகம் வந்தது. அம்மாவின் சீதனக் காணியை அம்மா 2012இல் ஒருவருக்கு விற்றார். அப்பா காலமானது 2009இல். உறுதியில் அம்மாவை ‘இன்னார் பெண்சாதி இன்னார்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். வாங்கினவர் இப்போது வேறொருவருக்கு விற்கப் போக, அந்த ஆளின் சட்டத்தரணி “புருசன் ஏன் கையெழுத்து வைக்கவில்லை?” என்று நிறுத்திவைத்திருக்கிறார். நாங்கள் விற்று இத்தனை வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறார்கள். அப்போது கந்தோரில் ‘காலஞ்சென்ற’ போட மறந்ததால்தானே இது?

பழைய_கிளாக்கர்

ஓம் தங்கச்சி. யாழ்ப்பாணத்து உறுதிகளில் இந்தச் சொல் உண்மையில் பெறுமதி காட்டும் இடம் இதுதான்.

தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் செய்த பெண் தன் பெயரில் உள்ள காணியைக்கூட, சீதனமாக வந்ததாக இருந்தாலும், கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ கொடுக்கவோ முடியாது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தில் வரும் விதி அது. அது நியாயமா என்று கேட்டால் நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன், என் மகளும் சொல்ல மாட்டாள். ஆனால் உறுதி எழுதுகிறவன் அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அதனால் கணவனும் சேர்ந்து கைச்சாத்து வைப்பது வழக்கம்.

கணவன் காலமாகிவிட்டால் யாரிடம் சம்மதம் கேட்பது? விதவை தனியே கைச்சாத்து வைக்கலாம். ஆகவே ‘கந்தையா பெண்சாதி செல்லம்மா’ என்று கண்டதும், உறுதியை வாசிக்கிறவன் சம்மதம் எங்கே என்று தேடுவான். ‘காலஞ்சென்ற கந்தையாவின் விதவையான செல்லம்மா’ என்று கண்டால் அந்தக் கேள்வியே எழாது. ‘விதவை’ என்ற சொல்லை அந்த இடத்தில் விடக் கூடாது. ‘காலஞ்சென்ற கந்தையா பெண்சாதி செல்லம்மா’ என்று மட்டும் எழுதினால் பழையபடி வாணியின் வில்லங்கம்தான். காலமானது கந்தையாவா செல்லம்மாவா?

உங்கள் அம்மாவின் உறுதி அதனால் கெட்டுவிடவில்லை. 2012இல் அவர் விதவை என்பது நடந்த உண்மை, எழுத்தில் வராமல் போய்விட்டது, அவ்வளவுதான். அப்பாவின் இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியையும் அம்மாவின் விவாகப் பதிவுப் பிரதியையும் கொடுங்கள். இரண்டிலும் அப்பாவின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தச் சட்டத்தரணி பார்ப்பது திகதியைத்தான். இறந்தது 2009, விற்றது 2012. அது போதும் என்று நினைக்கிறேன். அதற்கும் அவர் திருப்திப்படாவிட்டால் திருத்த உறுதி கேட்பார், அது அவருடைய இஷ்டம்.

அராலி_தேவி

விவாகப் பதிவில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் இருக்கிறது ஐயா. அது வேறு தலையிடி. பார்க்கிறேன்.

லண்டன்_தயா

எனக்கு இன்னொரு லேட் கதை இருக்கிறது. பெரியம்மா இங்கே காலமானபோது அவருடைய மரணசாசனம் சம்பந்தமாக ஒரு கடிதம் வந்தது. அதில் அவர் பெயர், அதன் பிறகு ‘லேட் ஒஃப்’ என்று போட்டு வீட்டு முகவரி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீடா காலமானது? இதையும் யாராவது தமிழில் ‘காலஞ்சென்ற’ என்று மொழிபெயர்ப்பார்களோ?

சுன்னாகம்_ரீச்சர்

மொழிபெயர்த்தே இருக்கிறார்கள். என்னிடம் திருத்தத் தந்த ஒரு மொழிபெயர்ப்பில் ‘காலஞ்சென்ற உடுவிலைச் சேர்ந்த’ என்று இருந்தது. உடுவில் அன்றைக்கும் அங்கேயேதான் இருந்தது.

அங்கே வருவது வேறு பொருள். ஆங்கிலத்தில் ஆட்களின் பெயரோடு அந்தச் சொல் முதலில் ‘அண்மைக்காலம் வரை’ என்ற கருத்தில்தான் வந்தது. அண்மைக்காலம் வரை இருந்தவர் என்பதிலிருந்து, இப்போது இல்லாதவர் என்ற பொருளுக்கு நகர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இறந்தவரைக் குறிக்க அதை எழுதியிருக்கிறார்கள். ‘லேட் ஒஃப்’ என்று ஊர்ப் பெயரோடு வரும்போது பழைய பொருளே நிற்கிறது: கடைசியாக அந்த முகவரியில் வசித்தவர். சிலவேளை ‘முன்னர் இன்ன இடம், பிறகு லேட் ஒஃப் இன்ன இடம்’ என்று இரண்டு முகவரியும் வரும். இரண்டாவதுதான் கடைசி வதிவிடம்.

இதனால்தான் நீதிமன்றக் கடதாசிகளில் பெயர், ஊர் எல்லாம் எழுதி முடித்த பிறகு ‘இறந்தவர்’ என்று தனியாக ஒரு சொல் வரும். லேட் என்பதை மட்டும் நம்பினால் முன்னாள் என்றும் எடுக்கலாம், மரித்த என்றும் எடுக்கலாம். தமிழில் ‘காலஞ்சென்ற’ என்பதற்கு அந்த இரட்டைப் பொருள் இல்லை. ஆகவே தயா, உங்கள் கடிதத்தில் உள்ளதைத் தமிழில் ‘இறுதியாக இன்ன முகவரியில் வசித்து இறந்த’ என்று எழுதலாம்.

இன்னொன்று, எழுத்துப் பிழை பார்ப்பது என் பழக்கம், மன்னிக்கவும். காலம், சென்ற இரண்டும் சேர்ந்தால் காலஞ்சென்ற. ஒரே சொல்லாக எழுதுங்கள். பிரித்தால் வரி முடிவில் ‘காலம்’ மேலே தொங்க, ‘சென்ற’ அடுத்த வரிக்குப் போய்விடும். சென்ற சிவராசா எங்கே சென்றார் என்று வாணியின் அப்பா கேட்பார்.

வாணி_கொக்குவில்

ரீச்சர், கட்டாயம் கேட்பார்.

ஐயாவுக்கு ஒரு கேள்வி. அப்பா ‘அமரர்’ என்று போட்டால் அழகாக இருக்குமே என்கிறார். அப்பப்பாவின் 31ஆம் நாள் கல்வெட்டில் அப்படித்தான் அச்சடித்தார்களாம்.

பழைய_கிளாக்கர்

கல்வெட்டில் அமரர் என்று போடலாம், சிவபதமடைந்தார் என்றும் போடலாம். அது மரியாதை. உறுதியில் காலஞ்சென்ற போதும். அமரர் என்பதைப் பெயரின் ஒரு பகுதியாக எடுத்து, சுட்டியில் ‘அ’ வரிசையில் பதிந்த ஆளையும் கண்டிருக்கிறேன். ஆனாலும் போட்டால் பிழை என்று சொல்ல மாட்டேன்.

றிஸ்வான்

எங்கள் ஆட்கள் ‘மர்ஹூம்’ போடுவார்கள். ஐயா சொன்ன பெயரோடு ஒட்டுகிற சங்கதி எங்களுக்கும் நடந்தது. வெளிநாட்டு விண்ணப்பம் ஒன்றில் தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் தம்பி ‘லேட்’ என்று போட்டு வாப்பாவின் பெயரை எழுதினான். அவர்கள் கணினியில் வாப்பாவின் முதற்பெயர் ‘லேட்’ என்று ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் மிஸ்டர் லேட். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அப்படி ஒரு பெயர் இல்லையே என்று அவர்களே திரும்பக் கேட்டார்கள். தனிக் கட்டம் உள்ள படிவங்களில் பெயரை மட்டும் எழுத வேண்டும். இறந்தவரா என்று வேறு கட்டத்தில் கேட்டால் அங்கே சொல்லலாம்.

நல்லூரான்

இது நல்ல கதை. சரி, சட்டம் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். போடுவதுதான் நல்லதென்றால் பழைய உறுதியிலிருந்து எடுத்தெழுதும் பெயர்களுக்கும் போட வேண்டுமா? எங்கள் காணியின் எல்லையில் உள்ள நாலு பேரும் இப்போது இல்லை.

பழைய_கிளாக்கர்

வாணியின் வரைவையே எடுத்துச் சொல்கிறேன், அவருக்கும் உதவும். காணி அப்பாவுக்கு எப்படி வந்தது என்று ஒரு பந்தி இருக்கும். அப்பப்பா எழுதிக் கொடுத்த உறுதியாலா, அல்லது அவர் இறந்த பிறகு முதுசமாகவா, வாணி?

வாணி_கொக்குவில்

உறுதியால் ஐயா. 1974இல் அப்பப்பா அப்பாவுக்கு நன்கொடையாக எழுதினது. வரைவில் “1974ஆம் ஆண்டு காலஞ்சென்ற வேலுப்பிள்ளை கந்தையாவினால் கைச்சாத்திடப்பட்ட நன்கொடை உறுதி” என்று இருக்கிறது. அப்பப்பா காலமானது 1991இல்.

பழைய_கிளாக்கர்

பார்த்தீர்களா? 1974இல் காலஞ்சென்றவர் எப்படிக் கைச்சாத்து வைப்பார்? இன்றைக்கு அவர் இல்லை என்பது உண்மை, ஆனால் வசனம் பேசுவது 1974ஐப் பற்றி. அந்தப் பந்தியில் வெறும் வேலுப்பிள்ளை கந்தையா போதும். அவர் இப்போது இல்லை என்பதை முதல் பந்தியில் ஒருமுறை சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு ‘மேற்படி வேலுப்பிள்ளை கந்தையா’ என்று போகலாம். ஒவ்வொரு வரியிலும் காலஞ்சென்ற, காலஞ்சென்ற என்று எழுதினால் உறுதி செத்தவீட்டு நோட்டீசு மாதிரி ஆகிவிடும்.

காணி முதுசமாக வந்திருந்தால் கதை வேறு. அப்போது அந்த மரணமே உருத்து மாறின சம்பவம். காலஞ்சென்ற என்ற சொல் அங்கே காணாது. எந்தத் திகதியில் காலமானார், இறப்பு அத்தாட்சிப் பத்திர இலக்கம் என்ன, உரித்தாளிகள் யார் யார் என்று எழுத வேண்டும். தேவியின் அம்மா விசயத்திலும் கடைசியில் கேள்வி திகதியில்தான் போய் நின்றது.

எல்லைகளுக்கு வருவோம். நல்லூரான், பழைய உறுதியில் உள்ள எல்லையை அப்படியே எடுத்தெழுதுங்கள். அங்கே ஆள் உயிரோடு இருந்தபோது எழுதின பெயர் அது, காணியை அடையாளம் காண்பதே அந்தப் பெயரை வைத்துத்தான். இன்றைய நிலவரமும் வர வேண்டும் என்றால் ‘முன்னர் இன்னாருக்கும் இப்போது அவரின் உரித்தாளிகளுக்கும் உரிய காணி’ என்று சேர்க்கலாம். சில நொத்தாரிசுமார் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற போடுவார்கள். என் நொத்தாரிசு அப்படிப் போட விடவே மாட்டார். நானும் அவர் பக்கம்தான்.

சுன்னாகம்_ரீச்சர்

எத்தனை வருடம் வரைக்கும் இந்தச் சொல்லைப் போடுவது? ஆங்கிலத்தில் அண்மையில் இறந்தவர்களுக்குத்தான் அழகு என்பார்கள். நூறு வருடத்துக்கு முன் போன ஆளுக்கு யாரும் லேட் போடுவதில்லை.

பழைய_கிளாக்கர்

கணக்கு ஒன்றும் இல்லை ரீச்சர். இந்த உறுதியை வாசிக்கப்போகிற ஆள், அவர் உயிரோடு இருக்கக்கூடும் என்று நினைக்க இடமிருந்தால் போடுவேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன்.

லண்டன்_தயா

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆளுக்கு ஆள் மாறுமே. 60 வருடம் என்று ஓர் எல்லையாவது வேண்டாமா?

பழைய_கிளாக்கர்

வைத்தால் 59 வருடக்காரர் வழக்குப் போடுவார்.

வாணி, முக்கியமான விசயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. திருத்துவதென்றால் இப்போதே திருத்துங்கள். வரைவு என்றால் கணினியில் மாற்றி அச்சடித்தால் முடிந்தது. கைச்சாத்து வைக்கும் நேரத்தில் கண்டுபிடித்து பேனையால் வெட்டினால், என்ன வெட்டினோம், எந்தப் பக்கம், எந்த வரி என்று நொத்தாரிசு தன் அத்தாட்சிக் குறிப்பில் எழுத வேண்டும். அதுவும் எல்லாப் பிரதியிலும் ஒரே மாதிரி. மூலம் உங்களிடம் வரும், ஒன்று நொத்தாரிசிடம் நிற்கும், ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். அங்கே போன பிறகு ஒருவரும் தொட முடியாது, திருத்த உறுதி வேறாக முடிக்க வேண்டும். அதற்கும் செலவு.

வாணி_கொக்குவில்

மூன்று நாள் கழித்து வருகிறேன். கந்தோரில் முதலில் கொஞ்சம் முகத்தைச் சுழித்தார்கள், பிறகு மாற்றித் தந்தார்கள். முதல் பந்தி இப்போது ஐயா சொன்ன மாதிரியே இருக்கிறது. 1974 உறுதிப் பந்தியில் இருந்த காலஞ்சென்ற போய்விட்டது. ஆங்கிலத்தில் அப்பாவின் பெயர் முன்னுக்கும் அப்பப்பாவின் பெயர் பின்னுக்கும் வந்திருக்கிறது. அண்ணாவும் பார்த்துச் சரி என்றான்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். காலஞ்சென்ற வேலுப்பிள்ளை கந்தையா என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். “வேலுப்பிள்ளை ஆர்? என்ர அப்பப்பா. இப்ப இதில செத்தது அவரோ, என்ர அப்பரோ?” என்று கேட்டார். இருவரும்தான் அப்பா என்றேன். திங்கட்கிழமை கைச்சாத்து.